"டீச்சர் எப்ப சார் வருவாங்க?"

2018 ஜூன் மாதம், திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு அருகே வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் எடுக்கப்பட்ட சில படங்கள் நாடு முழுக்கப் பரவின. ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு மாறுதல் உத்தரவு வந்திருந்தது. பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, போகவிடாமல் கட்டிப்பிடித்துத் தேம்பித் தேம்பி அழுதார்கள். பெற்றோரும் மாறுதல் கூடாது என்று நின்றார்கள். கடைசியில் அந்த உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் ஆசிரியரைப் பற்றிப் பேசினார்கள், பிள்ளைகளின் பாசத்தைப் பற்றிப் பேசினார்கள். இப்படிப்பட்ட பிரிவு ஒவ்வொன்றிலும் இன்னொருவரும் இருக்கிறார். மறுநாள் காலை மணி அடித்ததும் அதே வகுப்புக்குள் நுழைய வேண்டிய புது ஆசிரியர். மாறுதல் நிற்பது அபூர்வம். பெரும்பாலான பள்ளிகளில் போகிறவர் போய்விடுவார், வருகிறவர் வந்துவிடுவார். வருகிறவர் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன பேச வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. பாடக்குறிப்பு எழுதக் கற்றுத் தருகிறார்கள், கரும்பலகையைப் பயன்படுத்தக் கற்றுத் தருகிறார்கள். வேறொருவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முன்னால் போய் நிற்பது எப்படி என்பதை அவரவர் அடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. எங்கும் நடக்கக்கூடிய ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாம் வகுப்பு, நவம்பர் மாதம். காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, அரையாண்டுக்கு இன்னும் ஒரு மாதம். ஆறாம் வகுப்பிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் மகப்பேறு விடுப்பில் போய்விட்டார். தமிழகத்தில் அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு இந்த விடுப்பு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம். ஆகவே இந்தப் பிள்ளைகள் பொதுத் தேர்வு எழுதி முடிக்கும்வரை டீச்சர் வரப்போவதில்லை. அவர் இடத்துக்கு ஓர் இளைஞரைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள்.

தற்காலிகம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நிரப்ப உத்தரவு வந்தபோது, பட்டதாரி ஆசிரியருக்கு அறிவிக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 10,000 ரூபாய். கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடியும். இப்படி வருகிறவருக்கு அடுத்த ஜூனில் எங்கே இருப்போம் என்பதே தெரியாது. வகுப்பின் வருத்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியவர் தன் கவலையையும் சுமந்துகொண்டுதான் உள்ளே வருகிறார்.

வகுப்பின் மனசில் என்ன இருக்கிறது

"பசங்க முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்று ஆசிரியர் அறையில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். முறைப்புக்குக் காரணம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு.

முதல் பெஞ்சுப் பிள்ளைக்குத் தேர்வு பயம். 100 மதிப்பெண் கணக்குத் தாளில் எந்தக் கேள்வி எங்கே வரும், எட்டு மதிப்பெண் செய்முறை வடிவியலில் எதை விட்டால் மதிப்பெண் போகும் என்றெல்லாம் டீச்சர் பழக்கிவைத்திருந்தார். இனி அதை யார் செய்வார்கள் என்பதே அவள் கவலை. கடைசி பெஞ்சில் இருக்கும் பையனின் விஷயம் வேறு. எட்டாம் வகுப்பு வரைக்கும் கணக்கு என்றாலே ஒளிந்துகொண்டிருந்தவன், இந்த டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால் காலாண்டில் 38 எடுத்திருக்கிறான். தன்னால் முடியும் என்று நம்பிய ஒரே ஆளை அவன் இழந்திருக்கிறான். புதிதாக வருகிறவர் மதிப்பெண் பட்டியலில் 38-ஐப் பார்ப்பார், அதற்கு முன்னால் இருந்த 11-ஐப் பார்க்க மாட்டார்.

வேறு சிலருக்கு விசுவாசம்தான் பிரச்சினை. புது சாரைப் பார்த்துச் சிரித்தால் பழைய டீச்சருக்குத் துரோகம் செய்வதுபோலத் தோன்றும். சார் நன்றாக நடத்தினால் இவர்களுக்குச் சங்கடம் இன்னும் கூடும். நடுவில் இருப்பவர்களுக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஏழாம் வகுப்பில் அறிவியலுக்கு ஒருவர் வந்தார், மூன்று மாதத்தில் போனார். ஒன்பதில் ஆங்கிலத்துக்கு ஒருவர் வந்தார், அவரும் போனார். இவரும் போகத்தான் போகிறார், பழகி என்ன ஆகப்போகிறது என்பது அவர்கள் கணக்கு. அது தப்பான கணக்கும் இல்லை.

இதற்கெல்லாம் மேலே பலருக்கும் பொதுவாக ஒரு கோபம் இருக்கும். அவர்களிடம் யாரும் முறையாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை டீச்சர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. சத்துணவுக்கூடத்தில் அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. தங்களுக்கு இவ்வளவு முக்கியமான விஷயத்தை யாரும் தங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லையே என்கிற இந்த வலி, டீச்சர் போனதைவிட ஆழமாகத் தைத்திருக்கும். புது ஆசிரியர் தன் முதல் பேச்சிலேயே ஆற்றக்கூடிய வலியும் இது ஒன்றுதான்.

முந்தின நாள் மாலை

நல்ல அறிமுகம் வகுப்பறைக்கு வெளியே, முந்தின நாளே தொடங்கிவிடுகிறது. நம் இளைஞர் இரண்டு வேலை செய்ய வேண்டும்.

முதல் வேலை தலைமையாசிரியரிடம். "நாளைக்கு நீங்க ஒரு நிமிஷம் வகுப்புக்கு வந்து, டீச்சர் விடுப்புல போயிருக்கறதையும் நான் வந்திருக்கறதையும் சொல்லிட்டுப் போனா நல்லா இருக்கும் சார்." இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். செய்தி பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவரின் வாயிலிருந்து வர வேண்டும். ஆனால் தலைமையாசிரியர் அங்கேயே நின்று, "சாருக்குத் தொந்தரவு குடுத்தீங்கன்னா தெரியும்" என்று மிரட்டிவிட்டுப் போனால் காரியம் கெட்டது. வந்தவருக்குப் பிள்ளைகளை நேராகப் பார்க்கத் தைரியம் இல்லை என்று அந்த மிரட்டலே சொல்லிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது வேலை, விடுப்பில் போன டீச்சருக்குப் போன் போடுவது. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, பத்து நிமிடம் பேசினால் போதும். பாடம் எங்கே நிற்கிறது என்பதை எல்லோரும் கேட்பார்கள். அதைவிட முக்கியமான மூன்று கேள்விகள் உண்டு. வகுப்பில் நடைமுறையாக என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? பிள்ளைகளுக்கு ஏதாவது வாக்குக் கொடுத்திருக்கிறீர்களா? விடுப்பைப் பற்றி வகுப்பில் எவ்வளவு சொல்லலாம்?

பதில்கள் இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம். முக்கோணவியலில் முற்றொருமைகள் முடிந்துவிட்டன, உயரங்களும் தொலைவுகளும் பகுதியில் ஏற்றக்கோணம் தொடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மதிப்பெண் கேள்விகளில் சின்னத் தேர்வு. நோட்டில் வலது ஓரம் கோடு கிழித்து உதவிக் கணக்கை அங்கே போட வேண்டும், அடித்தல் திருத்தலுக்காகத் திட்டுவது இல்லை. ஐந்து ஐந்து பேராகக் குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். அரையாண்டுக்கு முன்னால் வடிவியல் வரைபடங்களை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் தம்பி. குழந்தை பிறக்கப்போகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், தாராளமாகச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசிப் பதிலைக் கேட்டு வாங்குவது அவசியம். டீச்சரின் உடல்நிலை அவர் சொந்த விஷயம். அவர் சொல்லச் சொன்ன அளவுக்கு மேல் ஒரு வார்த்தையும் வகுப்பில் போகக் கூடாது.

ஐந்து நிமிடப் பேச்சு

இப்போது வகுப்பு. தலைமையாசிரியர் சொல்லிவிட்டுப் போயாயிற்று. இளைஞர் தன் பெயரைச் சொல்லி, கரும்பலகையின் இடது மூலையில் எழுதிவிட்டுத் திரும்புகிறார். அவர் இப்படிப் பேசலாம்.

"உட்காருங்க. இன்னையிலருந்து கணக்குப் பாடத்துக்கு நான் வரேன். உங்க டீச்சர் மகப்பேறு விடுப்புல இருக்காங்க. நேத்து சாயங்காலம் அவங்ககிட்ட பேசினேன், நல்லா இருக்காங்க. விடுப்பு ஒரு வருஷம். அதனால உங்க பொதுத் தேர்வுக்கு முன்னாடி அவங்க வரமாட்டாங்க. அதை இப்பவே சொல்லிடறேன், ஏன்னா அடுத்த மாசம் வந்துடுவாங்கன்னு நீங்க காத்துக்கிட்டு இருக்கக் கூடாது.

அவங்க இல்லாதது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும். பாதி வருஷத்துல ஆள் மாறினா யாருக்குமே கஷ்டம்தான். அவங்களைப் பத்தி இந்த வகுப்புல பேசலாம், எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

அவங்க வெச்சிருந்த பழக்கம் எதையும் நான் மாத்தப்போறது இல்ல. வெள்ளிக்கிழமை ஒரு மார்க் டெஸ்ட் உண்டு. நோட்டுல வலது பக்கம் கோடு, உதவிக் கணக்கு அங்கதான். குழுவும் அப்படியே, தலைவர்களும் அவங்களேதான். வடிவியல் படம் இன்னொரு தடவை போட்டுக் காட்டறேன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்களாமே, அது டிசம்பர் முதல் வாரம் நடக்கும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறும். சாயங்காலச் சிறப்பு வகுப்பு காலையில எட்டரைக்கு வரும். நான் பக்கத்து ஊர்ல இருந்து வரேன், சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸை விட்டா அடுத்தது ஏழரைக்குத்தான்.

தேர்வு வரைக்கும் என்னைப் போட்டிருக்காங்க. நடுவுல ஏதாவது மாறினா, வேற யார் வாய்லயும் நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே வந்து சொல்வேன். இப்ப ஏதாவது கேக்கணுமா?"

நிதானமாகப் பேசினாலும் இரண்டு நிமிடம்தான் ஆகும். இதில் தன்னைப் பற்றி அவர் சொன்னது பெயரும், பஸ் நேரமும் மட்டும். எங்கே படித்தேன், எத்தனை மதிப்பெண் எடுத்தேன், முன்னால் எந்தத் தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன் என்பதெல்லாம் இல்லை. அவை நல்ல தகவல்கள்தான். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகளின் மனசில் இருக்கும் கேள்விகள் வேறு. டீச்சருக்கு என்ன ஆயிற்று, எப்போது வருவார், இனி எங்கள் கதி என்ன, நீங்களும் போய்விடுவீர்களா? இந்த நான்குக்கும் பதில் வரும்வரை வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

ஒவ்வொரு பகுதிக்கும் வேலை உண்டு. "நேத்து அவங்ககிட்ட பேசினேன்" என்பது இரண்டு பேரும் எதிரிகள் இல்லை என்று காட்டுகிறது. டீச்சரே இவரிடம் பாடத்தை ஒப்படைத்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், இவரிடம் படிப்பது துரோகம் ஆகாது. "முன்னாடி வரமாட்டாங்க" என்ற வாக்கியம் கேட்பதற்குக் கடினமாக இருக்கும். வகுப்பு இன்னும் கொஞ்சம் தொங்கிப்போகும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். "பார்க்கலாம், சீக்கிரம் வந்துடுவாங்க" என்று இதமாகச் சொல்லி வைத்தால், ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பு வாசலைப் பார்க்கும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் இவர் புதிதாக ஒருமுறை வேண்டாதவர் ஆவார்.

மாறாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொன்னதுதான் பேச்சின் நடு நரம்பு. "எல்லாம் பழையபடியே இருக்கும்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வலது ஓரக் கோட்டைப் பற்றிச் சொன்னதும், "அட, இவருக்கு இது தெரியுமா" என்று நிமிர்வார்கள். டீச்சர் கொடுத்த வாக்கைத் தான் நிறைவேற்றுவதாகச் சொல்லும்போது முதல் பெஞ்சின் தேர்வு பயமும் சற்று அடங்கும். மாறப்போவதை மறைக்காமல், காரணத்தோடு, ஒன்றோடு நிறுத்திக்கொண்டதும் முக்கியம். இரண்டாவது மாற்றம் தேவைப்பட்டால் ஒரு மாதம் பொறுக்கலாம்.

"நீங்களும் போயிடுவீங்களா" என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். தொகுப்பூதியத்தில் வந்தவர் கடைசிவரை இருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது. நிரந்தர வேலைக்கு ஆணை வந்தால் அவர் போகத்தான் வேண்டும், போவதில் குற்றமும் இல்லை. ஆகவே இருப்பேன் என்பதற்குப் பதிலாக, மாறினால் நானே சொல்வேன் என்று வாக்குத் தருகிறார். அவரால் காப்பாற்ற முடிந்த வாக்கு அதுதான்.

கேள்வி கேட்கச் சொன்னால் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் வரும். "டீச்சருக்கு என்ன குழந்தை சார்?" "இன்னும் பிறக்கல. பிறந்ததும் டீச்சர் சொல்லச் சொன்னா வந்து சொல்றேன்." அவ்வளவு போதும். யாரும் வாய் திறக்கவில்லை என்றாலும் சில விநாடி காத்திருந்துவிட்டு மேலே போய்விட வேண்டும். கெஞ்சிக் கேட்கக் கூடாது.

உடனே ஒரு கணக்கு

பேச்சு முடிந்ததும் பாடம். அன்றைக்கே, அதே பாடவேளையில். "இன்னைக்கு அறிமுகம்தான், நாளைக்குப் பாடம்" என்று விட்டால், பிள்ளைகளுக்கு வருத்தத்தோடு சும்மா உட்கார்ந்திருக்க அரைமணி நேரம் கிடைக்கும். எடுக்கும் கணக்கு டீச்சர் விட்ட இடத்துக்கு அடுத்த கணக்காக, எல்லோராலும் தொட முடிகிற எளிய கணக்காக இருக்க வேண்டும். தன் திறமையைக் காட்டக் கடினமான கணக்கை எடுத்தால், டீச்சர் போனதால்தான் கணக்கு புரியவில்லை என்ற முடிவுக்கு வகுப்பு அன்றைக்கே வந்துவிடும்.

ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கிறோம். உச்சியின் ஏற்றக்கோணம் 30°. கோபுரத்தின் உயரம் என்ன? சார் கரும்பலகையில் நேராக tan 30° = h/30 என்று எழுதுகிறார். நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருகிறது.

"சார், டீச்சர் இப்படிப் போட மாட்டாங்க. மொதல்ல படம் போட்டு, கோணத்தைக் குறிச்சிட்டுத்தான் டேன் எழுதச் சொல்வாங்க."

எல்லாத் தலையும் நிமிர்கிறது. சார் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். இந்த ஒரு நொடிதான் உண்மையான அறிமுகம். "இப்ப நான்தான் டீச்சர்" என்று சொன்னால், அதற்கு முன் பேசிய இரண்டு நிமிடமும் வீண். "சரி, நீயே வந்து படத்தைப் போடு" என்று சாக்கட்டியை நீட்டினால் கதையே வேறு. பையன் செங்கோண முக்கோணம் வரைகிறான், அடியில் 30 மீ, கோணத்தில் 30°, எதிர்ப்பக்கத்தில் h. சார் தொடர்கிறார். tan 30° என்பது 1/√3. ஆகவே h = 30/√3. பகுதியில் √3 இருக்கக் கூடாது என்பதற்காக மேலேயும் கீழேயும் √3-ஆல் பெருக்கினால் 30√3/3, அதாவது h = 10√3. √3-க்கு 1.732 என்று போட்டால் 17.32 மீட்டர்.

"டீச்சர் இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்ற வாக்கியத்தை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் புது ஆசிரியர்கள் அதிகமாக விழும் குழி. அந்தப் பிள்ளை தன் வகுப்பு எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லித் தருகிறது. தெரியாத ஊரில் வழி சொல்கிறவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டீச்சரின் முறை பாடத்துக்கு ஏற்றதாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். உண்மையிலேயே தவறாக இருந்தால், டீச்சர் பெயரை இழுக்காமல், "தேர்வுல திருத்தறவங்க இந்த வரியை எதிர்பார்ப்பாங்க, அதனால இதையும் சேர்த்து எழுதுங்க" என்று சொல்லிவிடலாம்.

நன்மை செய்ய நினைத்துச் செய்யும் தவறுகள்

சில பழக்கங்கள் நல்ல எண்ணத்தில் வந்தவை, ஆனால் இப்படிப்பட்ட வகுப்பில் எதிராக வேலை செய்யும். ஒவ்வொருவராக எழுந்து பேர் சொல், ஊர் சொல், காலாண்டில் எவ்வளவு மார்க் என்று கேட்பது அதில் முதலாவது. 38 எடுத்த பையன் மூன்று வருடம் உழைத்து ஏறிய ஏணியிலிருந்து ஒரு நொடியில் கீழே விழுவான். எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்ற கேள்விகள் இன்னும் மோசம். கிராமத்தில் தெருப் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். முதல் நாளே சார் அதைத்தான் தெரிந்துகொள்ள வந்தார் என்று பிள்ளைகள் நினைத்தால் அதை அழிப்பது கடினம். பெயர்களை வருகைப்பதிவேட்டிலிருந்து படித்து, முகத்தோடு சேர்த்துப் பழகிக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவே பெரிய மரியாதை.

இன்னொன்று, பிள்ளைகளை இழுக்கப் பழைய டீச்சரைக் குறைத்துப் பேசுவது. "இன்னும் முக்கோணவியலே முடிக்கலையா" என்ற ஒரு வரி போதும். கேட்டவர் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் கேட்டிருப்பார். வகுப்புக்கு அது வேறு மாதிரி கேட்கும். சலுகை கொடுத்து நல்ல பெயர் வாங்குவதும் இதே வகைதான். முதல் நாள் விளையாட விட்டு, வீட்டுப்பாடத்தைத் தள்ளுபடி செய்தால் அன்றைக்குக் கைத்தட்டல் கிடைக்கும். டீச்சர் கட்டிவைத்த ஒழுங்கு இவரால் குலைந்தது என்பதும் அன்றே பதிவாகும். முதல் பெஞ்சு அதை மன்னிக்காது.

சொற்களைவிட நிற்கும் விதமும் பேசுகிறது. உளவியலாளர்கள் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசென்தாலும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் பாடம் நடத்தும் அரை நிமிட வீடியோத் துணுக்குகளை ஒலி இல்லாமல் அறிமுகமற்றவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் போட்ட மதிப்பீடு, ஒரு பருவம் முழுக்க அந்த ஆசிரியர்களிடம் படித்த மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டோடு பெருமளவு ஒத்துப்போனது. பேச்சைக் கேட்காமலே மனிதர்கள் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். மேசைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, நோட்டைப் பார்த்துக்கொண்டே "உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்" என்று சொன்னால், சொன்னது ஒன்று, தெரிந்தது வேறொன்று ஆகிவிடும். முன்னால் வந்து, கையில் ஒன்றும் இல்லாமல், கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேச வேண்டும்.

எடுபட்டதா என்று எப்படித் தெரியும்

முதல் நாள் வகுப்பு அமைதியாக இருந்தால் வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. கோபத்தின் அமைதியும் கவனத்தின் அமைதியும் தூரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நோட்டுகளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தேதி போட்டு, படம் வரைந்து, வலது ஓரக் கோட்டில் உதவிக் கணக்கு இருந்தால் அது கவனம். கரும்பலகையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதி, ஓரம் காலியாக இருந்தால் மனசு இன்னும் வரவில்லை.

அடுத்த அடையாளம் கேள்விகள். முதல் சில நாட்கள் சந்தேகத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம்தான் கேட்பார்கள். சாரிடம் கேட்கும் முதல் சந்தேகம், மணி அடித்த பிறகு, வராந்தாவில், தயங்கித் தயங்கி வரும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அதைத் தள்ளிப்போட்டால் இரண்டாவது கேள்வி வர வெகுநாள் ஆகும். வெள்ளிக்கிழமைத் தேர்வுத் தாளைத் திங்கட்கிழமையே திருத்திக் கொடுப்பதும் இதைப் போன்றதுதான். முதல் நாள் சொன்னதைச் செய்தார் என்று பிள்ளைகள் எண்ணிப்பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இரண்டு வாரம் ஆகியும் ஒரு பிள்ளை மட்டும் நோட்டே திறக்காமல் இருந்தால், அதை அறிமுகத்தின் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு டீச்சர் கணக்கு வாத்தியாருக்கும் மேலே ஏதோவாக இருந்திருப்பார். வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுத இடமாகவோ, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆளாகவோ இருந்திருக்கலாம். அதைக் கணக்குப் பாடம் ஈடுகட்டாது. வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவைப்பதும், டீச்சரிடம் போனில் ஒரு வார்த்தை பேச வைக்க முடியுமா என்று கேட்பதும்தான் செய்யக்கூடியவை.

பிரிவு வேறானால் பேச்சும் வேறு

மேலே சொன்ன பேச்சு, நல்ல காரணத்துக்காகப் போய், என்றாவது திரும்பி வரப்போகிற டீச்சருக்குப் பொருந்தும். மாறுதலில் போனவருக்கு "திரும்பி வரமாட்டாங்க" என்று முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது விடைபெற வழி செய்வது நல்லது. எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதட்டும், தலைமையாசிரியர் மூலம் அனுப்பிவைக்கலாம். பதில் வந்தால் வகுப்பில் படிக்கலாம்.

இறந்துபோனவரின் இடத்துக்கு வந்தால் அன்றைக்குக் கணக்கே வேண்டாம். செய்தியைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், அவர் வகுப்பில் கூடவே இருக்கவும் வேண்டும். புதியவர் டீச்சரின் பெயரைச் சொல்லத் தயங்கக் கூடாது. அவருடைய நாற்காலியில் முதல் சில நாள் உட்காராமல், நின்றே நடத்தினால் பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள். புகாரின் பேரில் ஒருவர் நீக்கப்பட்டிருந்தால் பேச்சு இன்னும் சுருங்கும். "அதைப் பத்தி நான் எதுவும் பேசக் கூடாது. உங்கள்ல யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா தலைமையாசிரியர்கிட்ட சொல்லலாம், 14417-க்கோ 1098-க்கோ போன் பண்ணலாம்." முதலாவது தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண், இரண்டாவது குழந்தைகளுக்கான உதவி எண். எது உண்மை, யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்தில் புதியவர் கருத்துச் சொல்லவே கூடாது.

எந்தப் பேச்சும் செய்ய முடியாதது ஒன்று உண்டு. நியூயார்க் நகரப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை எட்டு ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வு, ஆசிரியர்கள் அதிகம் மாறிய இடங்களில் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்ததைக் காட்டியது. தங்கள் ஆசிரியர் மாறாத பிள்ளைகள்கூடப் பாதிக்கப்பட்டார்கள். ஆள் மாறுவதால் வரும் சேதத்தை வருகிறவரின் நாவன்மையால் சரிக்கட்ட முடியாது. காலியிடங்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நிரப்புவதும், விடுப்பு பற்றி முன்கூட்டியே தெரியும்போது ஒரு வாரமாவது இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து வகுப்பில் இருக்க ஏற்பாடு செய்வதும் நிர்வாகத்தின் கடமை. மகப்பேறு விடுப்பு திடீரென்று வருவதில்லை. டீச்சரே புதியவரை அழைத்து வந்து, "இனிமே சார்தான் உங்களுக்குக் கணக்கு எடுப்பாரு" என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போனால், மேலே எழுதிய பேச்சில் பாதி தேவைப்படாது.

அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் பாரம் முழுக்கப் புதியவர் தலையில் விழுகிறது. அதில் அவர் கையில் முழுமையாக இருக்கும் பகுதி, முதல் நாள் கொடுத்த கடைசி வாக்கு. ஏப்ரலிலோ அதற்கு முன்போ அவரும் போகும் நாள் வரும். ஆணை கைக்கு வந்த அன்றே வகுப்புக்குப் போய், தேதியைச் சொல்லி, பாடம் எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து குறித்து, அடுத்து வருபவருக்கு வலது ஓரக் கோட்டையும் வெள்ளிக்கிழமைத் தேர்வையும் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் அப்போதும் வருத்தப்படுவார்கள். ஆனால் இந்த முறை, சொல்லவேண்டியவர் நேரில் வந்து சொல்லியிருப்பார்.